மறுக்காமலே மறுத்தல்: இல்லுமினா–கிரெயில் வழக்கு

ஒரே பொருளை விற்கும் இரு நிறுவனங்கள் இணைந்தால் போட்டியாளர் ஒருவர் குறைவது கண்கூடு. உள்ளீட்டை விற்பவர் அதை வாங்கும் நிறுவனத்தையே விலைக்கு வாங்கும்போது எவரும் உடனே குறைவதில்லை. தீங்கு பின்னரே வரக்கூடும்.

மரபணு வரிசையறியும் கருவிகளில் முதலிடம் வகிக்கும் அமெரிக்க நிறுவனம் இல்லுமினா. குருதிச் சோதனை ஒன்றினாலேயே பல வகைப் புற்றுநோய்களைக் கண்டறியும் நோக்கில் அது தொடங்கியதே கிரெயில். பின்னர்த் தன் பெரும்பங்கைக் கைவிட்ட இல்லுமினா, 2021 ஆகஸ்டில் கிரெயிலை மீண்டும் முழுமையாக வாங்கியது. அத்தகைய சோதனையை உருவாக்கிவந்த பிற நிறுவனங்களும் இல்லுமினாவின் கருவிகளையே நம்பியிருந்தன.

அவற்றுக்கு உள்ளீட்டை மறுத்தால் இல்லுமினா அந்த விற்பனையின் இலாபத்தை இழக்கும். கிரெயில் ஈட்டக்கூடிய இலாபம் அதனினும் பெரிதெனில், அவ்விழப்பு தாங்கத்தக்கதே. வெளிப்படையாக மறுக்கவும் வேண்டியதில்லை. பழுதுநீக்கத்தில் தாமதமும் புதிய கருவி பிந்திக் கிடைப்பதும் போதும்.

இவ்வையத்தைத் தீர்க்க இல்லுமினா 12 ஆண்டு விநியோக ஒப்பந்தத்தை அனைவருக்கும் முன்வைத்தது. ஒப்பந்தம் ஊக்கத்தை மாற்றாது, நுண்ணிய பாரபட்சத்தைக் கண்டறிவதும் அரிது என்று கருதிய கூட்டாட்சி வணிக ஆணையம், 2023இல் கிரெயிலைக் கைவிட ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீங்குக்கான சான்றுகளை ஏற்றது. ஆனால் ஒப்பந்தம் தீங்கை முற்றிலும் நீக்கவேண்டும் என்ற அளவுகோல் மிகையானது, போதிய அளவு தணித்தாலே போதும் எனக் கூறி ஆணையை நீக்கி, வழக்கைத் திருப்பியனுப்பியது. மறுவிசாரணைக்குக் காத்திராமல் இல்லுமினா 2024 ஜூனில் கிரெயிலைப் பிரித்துவிட்டது. ஆகவே, எந்த அளவு தணிப்பு ‘போதியது’ என்பது இவ்வழக்கில் முடிவாகவில்லை.