இன்வாய்ஸில் நாணய மாற்று விகிதம் (மென்பொருள்)

வெளிநாட்டு நாணயத்தில் போடும் இன்வாய்ஸின் ரூபாய் மதிப்பைக் கணக்கிட, ஒரு மென்பொருள் எந்த அமைப்பு வெளியிட்ட எந்த நாளின் விகிதத்தை எடுத்தது என்பதை நிலையாகப் பதிந்து வைப்பதே மாற்று விகிதப் பதிவு. ஆண்டுகள் கழித்துத் தணிக்கையாளர் அதே இன்வாய்ஸை எடுத்தாலும் அதே ரூபாய்த் தொகை, பைசா மாறாமல் வர வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு டாலர் விலைதான் உண்டு என்ற எண்ணத்தில் எழுதிய மென்பொருளில் இது நடக்காது. இந்தியாவில் ஒரே நாளில், சட்டப்படி செல்லும் டாலர் விலைகளே மூன்று நான்கு உண்டு.

அவற்றில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது மும்பையில் கணக்கிடப்படும் குறிப்பு விகிதம். இதை முன்பு ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. 2018 ஜூலை 10 முதல் எஃப்.பி.ஐ.எல். (ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா) என்ற நிறுவனம் வெளியிட்டு வருகிறது. காலை 11.30-க்கும் 12.30-க்கும் இடையே வங்கிகள் செய்யும் டாலர் வணிகத்திலிருந்து அது எடுக்கப்படுகிறது. பிற்பகல் ஒன்றரை மணி அளவில் அறிவிக்கப்படுகிறது. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை நாள்களுக்கு விகிதம் கிடையாது.

சுங்கத் துறையின் விகிதம் வேறு. சுங்கச் சட்டம் 1962-இன் 14-ஆம் பிரிவின் கீழ் மறைமுக வரிகள் வாரியம் அதை அறிவிக்கிறது. மாதத்தின் முதல், மூன்றாம் வியாழக்கிழமைகளில் வெளிவந்து மறுநாள் முதல் நடப்புக்கு வரும். இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். இடையில் சந்தை பெரிதாக ஏறி இறங்கினால் திருத்தமும் வரலாம். வருமான வரி விதிகள் கேட்பதோ ஸ்டேட் பாங்கின் தந்தி மாற்று வாங்கும் விகிதத்தை. இவை போதாதென்று, பணம் வந்து சேரும்போது வங்கி உண்மையில் தரும் விலை இன்னொன்று.

எந்த விகிதம் எதற்கு என்று பார்க்க, மும்பையின் டிராம்பேயை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் அனல் மின் நிலையமும் உள்ள பகுதி அது. ஆலைகளுக்கான வால்வு செய்யும் ஒரு சிறு நிறுவனம் அங்கே இருப்பதாகக் கொள்வோம். துபாய்க்கு வால்வுகளை ஏற்றுமதி செய்கிறது. அவற்றைப் பொருத்திக் கொடுக்க ஆளையும் அனுப்புகிறது. ஜி.எஸ்.டி. விதி 34 இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. சரக்குக்கு, வழங்கல் நேரம் விழும் நாளின் சுங்க விகிதம். சேவைக்கு, பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கியல் முறைப்படியான விகிதம். பல நிறுவனங்கள் இதற்குக் குறிப்பு விகிதத்தைத் தேர்ந்து, மாற்றாமல் பின்பற்றுகின்றன. ஆகவே வாடிக்கையாளரும் தேதியும் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு இன்வாய்ஸ்களுக்கு இரண்டு விகிதங்கள் வரும். அது பிழை அல்ல. விகிதத்தை மென்பொருளில் நாணயத்தோடு மட்டும் கட்டிவிட்டு, பரிவர்த்தனையின் வகையை விட்டுவிட்டால்தான் பிழை.

பொருத்தும் பணிக்கான 4,250 டாலர் இன்வாய்ஸ் ஒரு சனிக்கிழமை போடப்படுகிறது என்போம். விகிதங்கள் இங்கே கணக்குக்காக வைத்துக்கொண்டவை. வெள்ளிக்கிழமை குறிப்பு விகிதம் 85.4312 என்றால் மதிப்பு ரூ. 3,63,082.60. திங்கட்கிழமை விகிதம் 85.7940 என்றால் ரூ. 3,64,624.50. வித்தியாசம் ரூ. 1,541.90. விடுமுறை நாளுக்கு முந்தைய வேலைநாளின் விகிதம் என்று நிறுவனம் ஒருமுறை தீர்மானித்து எழுதி வைத்தால் போதும். பின்னால் வந்த விகிதத்தைத் தேடிப் போவதில் நியாயம் இல்லை, சனிக்கிழமை அது யாருக்கும் தெரியாது. விகிதத்தை 85.43 என்று சுருக்கிப் பெருக்கினால் ரூ. 3,63,077.50 வரும், அதாவது ஐந்து ரூபாய் பத்து பைசா குறையும். வந்த விகிதத்தை முழுமையாக வைத்துக்கொண்டு, பெருக்கிய பிறகே பைசாவுக்குச் சுருக்க வேண்டும்.

தற்காலிகச் சேமிப்பில்தான் (கேஷ்) பெரும்பாலான கோளாறுகள் பிறக்கின்றன. காலை பத்து மணிக்கு மென்பொருள் விகிதத்தைக் கேட்கிறது. அன்றைய குறிப்பு விகிதம் இன்னும் வெளிவரவில்லை, ஆகவே கிடைப்பது நேற்றையது. அதை இன்றைய தேதியில் சேமித்து, 24 மணி நேரம் செல்லும் என்று வைத்துவிட்டால், பிற்பகலில் உண்மையான விகிதம் வந்த பிறகும் பழையதே ஓடும். அடுத்தடுத்த இரண்டு நாள்களுக்கு ஒரே எண் நான்கு தசமம் வரை பொருந்தினால் இதைச் சந்தேகிக்கலாம். விகிதத்தின் தேதியும் அதை எடுத்த நேரமும் இரு தனி விவரங்கள், தனித்தனியாகவே பதியப்பட வேண்டும்:

```sql
CREATE TABLE fx_rate (
  id         BIGINT PRIMARY KEY,
  source     TEXT NOT NULL,
  base       CHAR(3) NOT NULL,
  quote      CHAR(3) NOT NULL,
  unit       INTEGER NOT NULL,
  rate       NUMERIC(18,8) NOT NULL,
  rate_date  DATE NOT NULL,
  fetched_at TIMESTAMPTZ NOT NULL
);
```

இதில் `unit` என்ற பத்தி சிலருக்கு வீணாகத் தோன்றலாம். ஜப்பானிய யென்னைக் குறிப்பு விகிதமும் சுங்க அறிவிப்பும் 100 யென்னுக்கு இவ்வளவு ரூபாய் என்றே சொல்கின்றன. அதைக் கவனிக்காத மென்பொருள் மதிப்பை நூறு மடங்காக்கிவிடும். `source` பத்தியில் சுங்க இறக்குமதி, சுங்க ஏற்றுமதி என்ற வேறுபாடும் தெரிய வேண்டும். சுங்க விகிதத்தை மணிக்கணக்கு வைத்துக் காலாவதியாக்குவதும் தவறு. அது எந்த நாள் முதல் நடப்பில் உள்ளது என்பதைப் பதிந்து, இன்வாய்ஸ் தேதிக்கு முன்போ அன்றோ நடப்புக்கு வந்தவற்றில் கடைசியானதை எடுப்பதே முறை.

நேர மண்டலம் ஒரு தனிச் சிக்கல். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. ஏப்ரல் 1 அதிகாலை இரண்டு மணிக்குப் போட்ட இன்வாய்ஸ், பொது நேரத்தில் மார்ச் 31 இரவு எட்டரை மணியாகப் பதியும். அந்தத் தேதியை வைத்து விகிதம் தேடினால் ஒரு நாள் பின்னால் போவதோடு, இன்வாய்ஸ் முந்தைய நிதியாண்டுக்கும் நழுவும். தருணத்தைப் பொது நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்வாய்ஸ் தேதியை இந்திய நேரப்படி, மணியில்லாத வெறும் தேதியாகத் தனியே எழுத வேண்டும்.

பழைய இன்வாய்ஸ் மாறாதிருக்க, அது விகித அட்டவணையைச் சுட்டினால் மட்டும் போதாது. பயன்படுத்திய எண், வெளியிட்ட அமைப்பு, விகிதத்தின் தேதி, அலகு, சுருக்கும் முறை, ரூபாய் மதிப்பு ஆகியவை இன்வாய்ஸ் வரிசையிலேயே நகலாக உறைய வேண்டும். விகித அட்டவணையில் எதையும் மேலெழுதக் கூடாது. வெளியிட்டவரே திருத்தம் தந்தால் அது புது வரிசையாகச் சேரும். அனுப்பிவிட்ட இன்வாய்ஸைத் தொடாது. பணம் வந்த நாளில் வங்கி வேறு விலை தந்தால் அந்த வித்தியாசம் மாற்று லாப நட்டக் கணக்குக்குப் போகும். இன்வாய்ஸின் மதிப்பைப் பணத்தோடு ஒத்துப்போகும்படி மாற்றுவது கணக்கியலிலும் தவறு, மென்பொருளிலும் தவறு. கிரெடிட் நோட் போடும்போதும், அது குறைக்கும் மூல இன்வாய்ஸின் விகிதத்தையே எடுப்பது நல்லது. இல்லையென்றால் முழுத் தொகையையும் ரத்து செய்த பிறகும் சில ரூபாய் மிச்சமாகத் தொங்கும்.

மூல ஆவணத்தையும் சேர்த்து வைக்கும் பழக்கம் ஸ்டேட் பாங்க் விகிதத்துக்கு மிகத் தேவை. தினசரி விகித அட்டை ஒரே இணைய முகவரியில் புதுப்பிக்கப்படும்போது முந்தைய நாளின் அட்டை அங்கே இருக்காது. எடுத்த கோப்பை அன்றே தேதியோடு சேமிக்காவிட்டால், எண் சரியென்று பின்னால் காட்டச் சான்று இல்லை. 2018 ஜூலை 10-க்கு முந்தைய இன்வாய்ஸ்களில் வெளியிட்ட அமைப்பாக ரிசர்வ் வங்கி என்றே இருக்க வேண்டும். மென்பொருளை மேம்படுத்தும்போது பழைய வரிசைகளிலும் எஃப்.பி.ஐ.எல். என்று ஒரே சீராக மாற்றுவது நேர்த்தியாகத் தோன்றினாலும், அந்த நாள்களில் அந்த நிறுவனம் அந்த விகிதத்தை வெளியிடவில்லை.

இவையெல்லாம் ஒழுங்காக உள்ளனவா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கடந்த ஆண்டு இன்வாய்ஸ்கள் அனைத்தையும் பதிவில் உள்ள விவரங்களிலிருந்து மட்டும் மறுபடி கணக்கிட்டு, அனுப்பிய தொகைகளோடு ஒப்பிட வேண்டும். ஒன்றேனும் பொருந்தாவிட்டால் அந்த வரிசையில் விகிதமோ அலகோ சுருக்கும் முறையோ உறையாமல் விடுபட்டிருக்கிறது. கணக்கீடு பாதியில் இணையத்தைத் தேடி நின்றுபோனால், நிரல் இன்னும் ஏதோ ஓர் இடத்தில் இன்றைய விகிதத்தைக் கேட்கிறது.