பொருள் வராத நாள்கள்: ஓர் ஒப்பந்தப் பிரிவுக்கு உரை

சேலைக் கடை ஒன்றுக்கு இணையதளம் செய்து தரும் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ₹1,00,000. முன்பணம் 40,000, வடிவமைப்பு ஒப்புதலில் 30,000, மீதி 30,000. அதில் உள்ள ஒரு பிரிவு இது.

“வேலைக்காலம் 30 வேலைநாள், பின்னிணைப்பில் உள்ளவை முழுதும் வந்துசேர்ந்த மறுநாள் தொடங்கும்.”

உயிர்ச்சொல் ‘முழுதும்’ என்பதே. கடைக்காரர் லோகோவை மட்டும் அனுப்பிவிட்டு, “அதான் கொடுத்தாச்சே, ஆரம்பிங்க” என்பார். எனவே பின்னிணைப்பில் ‘படங்கள்’ என்று எழுதினால் போதாது. 60 சேலைகளின் படம், விலை, துணிவகை; கடையைப் பற்றி ஒரு பக்கம்; பொருளைத் திருப்பி எடுக்கும் விதி என்று எண்ணிப் பார்க்கும்படி எழுத வேண்டும்.

“வாடிக்கையாளரின் பொருளுக்காகவோ பதிலுக்காகவோ காத்திருக்கும் நாள்கள் கணக்கில் சேரா.”

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 67ஆம் பிரிவு இதற்குத் துணை. வீட்டைப் பழுதுபார்க்க ஒப்புக்கொண்டவரிடம், எங்கே பழுது என்று உரிமையாளர் காட்டாவிட்டால், அதனால் வேலை நடக்காததற்குப் பழுதுபார்ப்பவர் பொறுப்பல்ல என்று சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. ஆனால் காத்திருந்ததைக் காட்டச் சான்று வேண்டும். பொருள் வரவேண்டிய நாள் கடந்த அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுவிட வேண்டும்: “தெளிவில்லாத 12 சேலைப் படங்களுக்கு மாற்றுப் படம் வரவில்லை. இன்றுமுதல் நாள்கணக்கு நிற்கிறது. வந்த மறுநாள் தொடரும்.” கோபமோ கெஞ்சலோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தாலும் இது மின்னஞ்சலில் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் பட்டியல், சாக்குப்போக்காகவே படிக்கப்படும்.

“காத்திருப்பு 15 வேலைநாளைத் தாண்டினால் வேலை நிறுத்திவைக்கப்படும், முடிந்த பகுதிக்கான தொகை அன்றே செலுத்தத்தக்கது.”

பணம் சிக்குவது இங்கேதான். கடைசி 30,000 ‘தளம் வெளியாகும்போது’ என்று மட்டும் எழுதியிருந்தால், பக்கங்களையெல்லாம் கட்டிமுடித்த பிறகும், மாற்றுப் படம் வராத ஒரே காரணத்தால் அத்தனையும் தொங்கும். கடைக்காரருக்கோ தீபாவளி வியாபாரம் முடியும்வரை அவசரமில்லை. எனவே தொகையைப் பிரித்தே எழுதலாம்: பக்கம் கட்ட 24,000, படமேற்றி வெளியிட 6,000. நிறுத்தும் நாளில் 24,000க்குப் பில் போகும். செய்யாத வேலைக்குக் கேட்கவில்லை என்பதால் வாக்குவாதத்துக்கும் இடம் குறைவு.

“மீண்டும் தொடங்கும் நாள், வடிவமைப்பாளரின் அப்போதைய வேலை வரிசைப்படி.”

ஆறு மாதம் கழித்துப் படங்களோடு வருபவர் மறுநாளே வேலையை எதிர்பார்ப்பார், அதற்கான வரி. சிலர் இங்கே ‘மறுதொடக்க அபராதம்’ சேர்க்கிறார்கள். நான் சேர்ப்பதில்லை. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை எதுவானாலும் அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். பழைய கோப்புகளைத் திறந்து, மென்பொருளைப் புதுப்பிக்கச் செல்லும் மணிநேரத்துக்கு ஒரு கட்டணம் குறித்தால், அது அபராதம் ஆகாது, கூலி.