இரண்டு ராஜினாமா கடிதங்கள்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம், புனேயைத் தலைமையகமாகக் கொண்ட பெரிய குழுமத்தோடு 2023 ஏப்ரலில் இணைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை தரக்கட்டுப்பாட்டு மேலாளர்கள் ஆலைத் தலைவருக்குக் கீழ் இருந்தார்கள். வார்ப்பில் கசிவு தெரிந்தால் அந்த லாட்டைத் தங்கள் கையெழுத்திலேயே நிறுத்திவைக்க அவர்களால் முடிந்தது. இணைப்புக்குப் பிறகு அவர்கள் புனேயில் இருக்கும் குழுமத் தரப் பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆலைத் தலைவரோடு இருப்பது வெறும் ‘டாட்டட் லைன்’ உறவு. ஒரு லாட்டை நிறுத்தவும் புனேயிலிருந்து ஒப்புதல் மின்னஞ்சல் வர வேண்டும். நோட்டீஸ் காலம் 30 நாளிலிருந்து 90 நாளாகிறது. 2024 பிப்ரவரியில் இரண்டு மேலாளர்கள் ஒரே காரணத்துக்காக விலகுகிறார்கள். இப்படிப்பட்ட கடிதங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். இங்கே தமிழில் தருகிறேன்.

முதல் கடிதம்: “இணைப்புக்குப் பிறகு இந்த நிறுவனத்தில் அனுபவத்துக்கு மரியாதை இல்லை. பம்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் புனேயில் உட்கார்ந்துகொண்டு முடிவெடுக்கிறார்கள். மனசாட்சிக்கு விரோதமாக என்னால் வேலை பார்க்க முடியாது. வேறு வழியில்லாமல் ராஜினாமா செய்கிறேன். என்னை உடனடியாக விடுவிக்கவும்.”

இரண்டாவது கடிதம், 2024 பிப்ரவரி 7 தேதியிட்டது: “2016 ஜூன் 6 முதல் இந்த ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றிவருகிறேன். 2023 ஏப்ரல் இணைப்புக்குப் பின் என் பதவி குழுமத் தரப் பிரிவின் கீழ் வந்தது. லாட்டை நிறுத்திவைக்கும் முடிவும் அங்கே போனது. ஆலையிலேயே நின்று அந்த முடிவை எடுக்கும் பொறுப்பைத்தான் நான் தொடர்ந்து செய்ய விரும்புகிறேன். புதிய அமைப்பில் அதற்கு இடமில்லை என்பதால் பதவி விலகுகிறேன். நியமனக் கடிதத்தின்படி 30 நாள் நோட்டீஸ் தருகிறேன். மார்ச் 8 என் கடைசி வேலை நாள்.”

இரண்டாவது கடிதம் பணிவாக இருக்கிறது, அதனால் நல்லது என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. அதில் பணிவுச் சொல் ஒன்றுகூடக் கிடையாது, வருத்தமும் தெரிவிக்கவில்லை. அது தன் காரணத்தை முதல் கடிதத்தைவிடத் தெளிவாகவே சொல்கிறது. முதல் கடிதத்தைப் படிக்கிறவருக்கு அவர் எதற்காகப் போகிறார் என்பதே கடைசிவரை தெரியாது. லாட்டை நிறுத்தும் அதிகாரம் போனதுதான் விஷயம். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கோபம் முழுதாக வந்திருக்கிறது, கோபத்தின் காரணம் விடுபட்டுப்போயிருக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கடிதத்தைப் படிக்கப்போவது புனேயில் இருக்கும் புதிய மேலதிகாரி. ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து அவர் ‘ஆமாம், அப்படித்தான் நடந்தது’ என்று சொல்ல முடியுமா என்று பார்க்க வேண்டும். ‘அனுபவத்துக்கு மரியாதை இல்லை’ என்பதற்கு அவர் தலையாட்ட மாட்டார், மறுத்து எழுதுவார். ‘லாட்டை நிறுத்திவைக்கும் முடிவும் அங்கே போனது’ என்பதை அவர் மறுக்க முடியாது, ஏனென்றால் அது அவர் பிரிவு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. முன்னது தீர்ப்பு, பின்னது நிகழ்வு. நிகழ்வைத் தேதியோடு சொல்லிவிட்டு அடுத்த வரியில் தன் விருப்பத்தைச் சொல்லும்போது யார் மேலும் பழி விழுவதில்லை. நிறுவனம் தன் அமைப்பை மாற்றிக்கொண்டது, எனக்கு வேண்டிய வேலை அந்த அமைப்பில் இல்லை; இரண்டுமே உண்மை.

‘மனசாட்சிக்கு விரோதமாக’ என்ற சொல் இன்னும் ஆபத்தானது. எழுதியவர் ஆதங்கத்தில் எழுதியிருப்பார். ஆனால் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அப்படி எழுதினால், குறையுள்ள பம்புகள் தெரிந்தே வெளியே போயின என்ற குற்றச்சாட்டாகத்தான் அது படிக்கப்படும். உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால் லாட் எண், தேதி, சோதனை அறிக்கை எல்லாவற்றோடும் தனிப் புகாராகக் கொடுக்க வேண்டிய விஷயம் அது. ராஜினாமா கடிதத்தில் ஒரு வரியாகப் போட்டால் யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள், எழுதியவருக்கும் நிம்மதி இருக்காது. ‘வேறு வழியில்லாமல்’ என்பதும் இதே வகைதான். கட்டாயத்தின் பேரில் வாங்கிய ராஜினாமா என்று பின்னால் வாதாட இடம் தரும் சொல் அது. எச்ஆர் உடனே கடிதத்தை மாற்றி எழுதித் தரச் சொல்லும், அல்லது சட்டப் பிரிவுக்கு அனுப்பும். அதுவரை ஏற்புக் கடிதம் வராது. நிஜமாகவே கட்டாயப்படுத்தப்பட்டவர் முதலில் தொழிலாளர் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லை எழுதட்டும்.

இரண்டாவது கடிதத்தில் சாதாரணமாகத் தெரியும் ஒரு தேதி பெரிய வேலை செய்கிறது. 2016 ஜூன் 6 என்று சேர்ந்த நாளைக் குறிப்பிட்டதால், இணைப்புக்கு முந்தைய பணிக்காலமும் தன் கணக்கில் உண்டு என்பது ஏற்கெனவே பதிவாகிவிட்டது. பணிக்கொடைக்குப் பொதுவாக 5 ஆண்டு தொடர்ச்சியான பணி தேவை. உரிமையாளர் மாறினாலும் வேலை இடைவெளியின்றித் தொடர்ந்திருந்தால் பழைய ஆண்டுகளும் சேரும். ஆனால் புதிய குழுமத்தின் கணினிப் பதிவில் சேர்ந்த தேதி 2023 ஏப்ரல் என்று ஏறியிருந்தால், ஓராண்டுகூட ஆகாதவர் என்றுதான் கணக்கு வரும். இவருக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 52,000 ரூபாய் என்று கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க ஆண்டுக்கு 30,000 ரூபாய். 7 ஆண்டு 9 மாதம் என்பது 8 ஆண்டாகக் கணக்கிடப்படும். மொத்தம் 2,40,000 ரூபாய். சேர்ந்த தேதி தவறாக ஏறியிருந்தால் இந்தப் பணத்துக்காக வேலையை விட்ட பிறகு நடையாய் நடக்க வேண்டும். முதல் கடிதத்தில் இந்தத் தேதி இல்லை.

நோட்டீஸ் விஷயத்தில் இரண்டாமவர் 30 நாள் என்று எழுதுவதற்கு முன் ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும்: இணைப்பின்போது கொடுத்த ஒப்புதல் கடிதத்தில் புதிய குழுமத்தின் விதிகளை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டாரா? போட்டிருந்தால் 90 நாள்தான் பேச்சு. அப்போது ‘90 நாள் நோட்டீஸ் தருகிறேன், பணிகளை ஒப்படைத்து முடித்ததும் முன்னதாக விடுவிக்க இயலுமானால் நன்றியுடையவனாவேன்’ என்று எழுதுவதே சரி. ‘உடனடியாக விடுவிக்கவும்’ என்ற முதல் கடிதத்தின் வரி, நோட்டீஸ் காலச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள நிறுவனத்துக்கு வழிதான் காட்டுகிறது.

இரண்டாவது கடிதத்திலும் நான் திருத்துவேன். ‘புதிய அமைப்பில் அதற்கு இடமில்லை’ என்பது லேசாகத் தீர்ப்பின் பக்கம் சாய்கிறது. ‘இப்போதைய என் பதவியின் பொறுப்புகளில் அது இல்லை’ என்றால் அதே பொருள்தான், ஆனால் படிக்கிறவர் முகம் சுளிக்க எதுவும் இல்லை. நன்றி சொல்லவில்லையே என்று சிலர் கேட்கலாம். சொல்வதாக இருந்தால் கவனமாகச் சொல்ல வேண்டும். பழைய ஆலைத் தலைவருக்கு மட்டும் மனமுருக நன்றி சொன்னால், புதிய மேலதிகாரி அதைத் தன்மேல் வைத்த குத்தலாகவே படிப்பார். தரப் பிரிவில் உடன் வேலை பார்த்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரி போதும். அதற்குப் பக்கத்தில், நிலுவையில் உள்ள லாட்டுகள், அளவுக் கருவிகளுக்கு அடுத்த கேலிப்ரேஷன் எப்போது என்ற பட்டியலை இணைத்திருக்கிறேன் என்று எழுதினால், அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு முதல் நாளிலேயே அது கைகொடுக்கும்.