படத்துக்குள் ஒரு துண்டு: உண்மைப் புகைப்படத்தில் நுழைந்த செயற்கைத் திருத்தத்தைக் கண்டறியும் முறைகள், 2000–2024

2023 மே 28 அன்று, டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கிப் பேரணி சென்ற மல்யுத்த வீராங்கனைகளைப் போலீசார் தடுத்துப் பேருந்தில் ஏற்றினார்கள். வினேஷ் போகட், சங்கீதா போகட் உள்ளிட்டோர் பேருந்துக்குள் எடுத்துக்கொண்ட செல்ஃபி விரைவிலேயே இரண்டு வடிவங்களில் சுற்றத் தொடங்கியது. ஒன்றில் முகங்கள் இறுகியிருந்தன. மற்றொன்றில் அதே முகங்கள் சிரித்தன. போராட்டம் வெறும் நாடகம் என்பதற்குச் சிரித்த படமே சாட்சி என்று பலர் அதைப் பகிர்ந்தார்கள். இருக்கையும் ஜன்னலும் உடையும் இரண்டு படங்களிலும் ஒன்றுதான். மாறியிருந்தது முகத்தில் ஒரு சிறு பகுதி.

இதற்கு ஐந்து நாள் முன்னர், மே 23 அன்று, அடோபி நிறுவனம் ஃபோட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பில் ‘ஜெனரேட்டிவ் ஃபில்’ வசதியை அறிமுகப்படுத்தியிருந்தது. ஓர் இடத்தைச் சுற்றி வளைத்து, என்ன வேண்டும் என்று எழுதினால், ஒளியும் நிழலும் பொருந்த அந்த இடம் நிரம்பிவிடும். முழுப் படமும் செயற்கை என்றால் சந்தேகம் எழ வாய்ப்புண்டு. நூற்றில் தொண்ணூற்றெட்டு பங்கு உண்மையாக இருந்து, இரண்டு பங்கு மட்டும் பொய்யாக இருக்கும் படத்தைப் பிடிப்பது எப்படி? படத் தடயவியலாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதற்குத் தேடிவந்த விடைகளில் பெரும்பாலானவை ஒரே அடிப்படையில் நிற்கின்றன: துண்டுக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஏதோ ஒரு விதத்தில் வேறுபட்டாக வேண்டும். அந்த வேறுபாட்டை எங்கே தேடுவது என்பது காலத்துக்குக் காலம் மாறியதே இத்துறையின் வரலாறு.

ஒரே துணுக்கு, இரண்டு இடங்களில்

‘இன்பெயின்டிங்’ என்ற சொல் ஓவியங்களைச் செப்பனிடுவோரிடமிருந்து வந்தது. வண்ணம் உதிர்ந்த இடத்தைச் சுற்றியிருக்கும் வண்ணத்தோடு ஒத்துப்போகும்படி நிரப்புவது அவர்களின் வேலை. 2000-ஆம் ஆண்டில் மார்செலோ பெர்தல்மியோவும் அவருடைய சகாக்களும் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்டையின் விளிம்பில் முடியும் கோடுகளை அவர்களின் முறை உள்நோக்கி நீட்டிச்செல்லும். கீறல் விழுந்த பழைய படத்துக்கு இது போதும். ஓட்டை பெரிதானால், புல்லோ செங்கல்லோ இருக்க வேண்டிய இடம் மழுங்கிப்போகும். அந்த மழுங்கலே திருத்தத்தைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்து வந்த முறைகள் வேறு வழியில் சென்றன. படத்தின் வேறு பகுதியிலிருந்தே துணுக்குகளை எடுத்து ஓட்டையை நிரப்பின. கையால் இப்படிச் செய்ததற்குப் பெயர்போன உதாரணம் 2008 ஜூலையில் ஈரான் வெளியிட்ட ஏவுகணைப் படம். நான்கு ஏவுகணைகள் ஒன்றாகப் பாய்வதாகக் காட்டிய அந்தப் படம் பல நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்தது. உற்றுப் பார்த்தவர்களுக்குப் புகையிலும் தரையில் எழுந்த தூசியிலும் ஒரே சுருள்கள் இரண்டிரண்டு முறை தெரிந்தன. மூன்று ஏவுகணைகள் மட்டுமே பாயும் படம் பிறகு கிடைத்தது.

இந்த வகைத் திருத்தத்தைப் பிடிக்கும் முறையை ஜெசிகா ஃப்ரிட்ரிச்சின் குழு 2003-இலேயே வகுத்திருந்தது. படத்தின் மேல் ஒரு சிறு சதுரத்தை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி, அது நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் சில எண்களாகச் சுருக்க வேண்டும். அந்த எண் வரிசைகளை அகராதிச் சொற்களைப் போல அடுக்கினால் ஒரே மாதிரியானவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தையும் திசையையும் எண்ணிப் பார்த்தால், நகலெடுத்த பகுதியில் நூற்றுக்கணக்கான சதுரங்கள் ஒரே தூரம் ஒரே திசையில் தள்ளி நிற்பது தெரியும். தற்செயலாக அப்படி நேராது. மேகமில்லாத வானமும் வெள்ளைச் சுவரும் மட்டும் இந்த முறையைக் குழப்பும். அங்கே எந்தச் சதுரத்தை எடுத்தாலும் இன்னொன்றைப் போலவே இருக்கும்.

2010-இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்5 ‘கன்டென்ட்-அவேர் ஃபில்’ வசதியோடு வந்தது. ஒரே பெரிய துண்டை எடுத்து ஒட்டாமல், பல இடங்களிலிருந்து சிறு சிறு துணுக்குகளை எடுத்துத் தைத்தது. ஒரே தூரம், ஒரே திசை என்ற தடயம் சிதறிப்போயிற்று.

கேமராவின் ரேகை

அதற்குள் தேடலின் திசையே மாறியிருந்தது. ஒட்டப்பட்டது என்ன என்று தேடுவதை விட்டு, அந்த இடத்தில் காணாமல் போனது என்ன என்று கேட்டார்கள்.

கேமராவின் சென்சாரில் உள்ள கோடிக்கணக்கான புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் ஒளியை உணர்வதில்லை. தயாரிக்கும்போது சிலிக்கானில் நேரும் நுண்ணிய வேறுபாடுகளால் ஒரு புள்ளி மயிரிழை கூடுதலாகவும் அடுத்தது மயிரிழை குறைவாகவும் பதிவு செய்யும். இந்த ஏற்றத்தாழ்வு ஒவ்வொரு சென்சாருக்கும் தனி. அது எடுக்கும் எல்லாப் படங்களிலும் கைரேகைபோலப் பதிந்திருக்கும். ஒரே கேமராவின் பல படங்களிலிருந்து இரைச்சலைப் பிரித்துச் சராசரி எடுத்தால் ரேகை துலங்கும். 2006-இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தின் யான் லூகாஷ், ஃப்ரிட்ரிச், மிரோஸ்லாவ் கோல்ஜான் மூவரும் இதைக் கொண்டு கேமராவை அடையாளம் கண்டார்கள். அதே ஆண்டில், படத்தின் எந்தப் பகுதியில் ரேகை இல்லையோ அந்தப் பகுதி அந்தக் கேமராவில் பிறந்ததல்ல என்று காட்டும் வழியையும் முன்வைத்தார்கள்.

இதன் வரம்பை ஒரு கணக்கில் பார்க்கலாம். 4000-க்கு 3000 பிக்சல் கொண்ட படத்தில் 500-க்கு 500 அளவுள்ள பெயர்ப்பலகை ஒன்று அழிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் படத்தில் அது 2 சதவீதம். ரேகை மிக மெலிதானது என்பதால் ஒரு பிக்சலைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. 2008-இல் இதே குழு 128-க்கு 128 பிக்சல் கொண்ட சட்டத்தை நகர்த்தி, அதற்குள் உள்ள பதினாறாயிரம் புள்ளிகளையும் சேர்த்தே தீர்ப்பு சொன்னது. பலகை இருந்த இடத்துக்குள் அந்தச் சட்டம் தாராளமாக அடங்கும். ஆனால் அதே படம் ஒரு செயலி வழியாக 1000 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கி வந்தால், அழித்த இடம் 125-க்கு 125 ஆகிவிடும். சட்டத்தைவிடத் துண்டு சிறிதாகிவிட்டது. சுருக்கும்போது ரேகையும் தேய்ந்திருக்கும். கருத்த நிழலிலும், வெளுத்துப்போன வானத்திலும் ரேகை இயல்பாகவே மங்கும். திருத்தம் ஏதும் இல்லாமலே அங்கே பொய் எச்சரிக்கை எழும்.

இன்னொரு தடை, எடுத்த கேமரா கையில் இல்லாவிட்டால் ஒப்பிட ரேகையே கிடைக்காது என்பது. நேப்பிள்ஸ் நகரின் ஃபெதரிகோ II பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவிதே கோத்சோலினோவும் லூயிசா வெர்தொலிவாவும் 2018-இல் ‘நாய்ஸ்பிரின்ட்’ முறையில் இதற்கு விடை தந்தார்கள். தனித்த கேமராவின் ரேகைக்குப் பதில், அந்தக் கேமரா மாடல் படத்தை உருவாக்கும்போது விட்டுச்செல்லும் பொதுவான தடத்தை நரம்பியல் வலை ஒன்று கற்றுக்கொள்கிறது. ஒரே படத்துக்குள் அந்தத் தடம் எங்கே மாறுகிறது என்று பார்த்தால் போதும், கேமரா தேவையில்லை.

இல்லாததைக் கற்பனை செய்யும் கருவிகள்

நிரப்பும் கருவிகளும் மாறிக்கொண்டிருந்தன. 2016-இல் தீபக் பதக்கின் குழு வெளியிட்ட ‘கான்டெக்ஸ்ட் என்கோடர்’, படத்தில் வேறெங்கும் இல்லாததையும் கற்பனை செய்து நிரப்பியது. அழித்த கண்ணின் இடத்தில் புதிய கண்ணை வரையும் கருவியிடம் நகலின் மூலத்தைத் தேடிப் பயனில்லை. கேமராவின் நுண்ணிரைச்சலை மட்டும் இத்தகைய கருவிகளால் அப்படியே வரைய முடியவில்லை. ஹாவ்தோங் லீ, ஜிவூ ஹுவாங் இருவரும் 2019-இல் அந்தப் பலவீனத்தைப் பிடித்தார்கள். படத்தின் உருவங்களையும் வண்ணங்களையும் வடிகட்டிவிட்டு, மிச்சமிருக்கும் பொடி அதிர்வுகளை மட்டும் தங்கள் வலைக்குக் கொடுத்தார்கள். கண்ணுக்குச் சீராகத் தெரிந்த இடம் அங்கே தனித்து நின்றது.

2023-இல் நேப்பிள்ஸ் குழுவும் கூட்டாளிகளும் வெளியிட்ட ‘ட்ரூஃபார்’ இந்த வழியில் வந்த முக்கியமான முறை. திருத்தம் எங்கே என்று வண்ணத்தில் காட்டும் வரைபடத்தோடு, அந்த வரைபடத்தை எந்த இடத்தில் எவ்வளவு நம்பலாம் என்ற இரண்டாவது வரைபடத்தையும் அது தருகிறது. முதல் வரைபடத்தில் நிழலான மூலை ஒன்று சிவந்து, இரண்டாவதில் அதே மூலை ‘நம்பத்தக்கதல்ல’ என்று வந்தால், அந்தச் சிவப்பைச் சாட்சியாகக் கொள்ளக் கூடாது.

வெளியே இருப்பதும் மாறும்போது

2022-இல் பொதுமக்கள் கைக்கு வந்த ‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ இந்த ஆய்வுகளின் அடிப்படையையே தொட்டது. அது பிக்சல்களோடு நேரடியாக வேலை செய்வதில்லை. 512-க்கு 512 அளவுள்ள வண்ணப் படத்தை 64-க்கு 64 கட்டங்களில், கட்டத்துக்கு 4 எண்களாகச் சுருக்குகிறது. ஏறத்தாழ எட்டு லட்சம் எண்கள் பதினாறாயிரமாகக் குறைகின்றன. குறித்த இடத்தை அங்கே மாற்றியபின் முழுப் படத்தையும் அந்தச் சுருக்கத்திலிருந்து விரித்தெடுக்கிறது. ஆக, பயனர் தொடாத பகுதியும் புதிதாக வரையப்பட்டதே. அசலைப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினால் இது தெரியும்: திருத்தம் நடந்த இடத்துக்கு வெகுதூரத்தில், கடைப் பலகையின் பொடி எழுத்துகள் நெளிந்திருக்கும், கூட்டத்தில் தொலைவில் நிற்பவர்களின் முகம் குழைந்திருக்கும்.

விரித்தெடுத்த படத்திலிருந்து புதிய துண்டை மட்டும் வெட்டி அசலில் ஒட்டினால் கதை வேறு. துண்டுக்கு வெளியே கேமராவின் தடம் அப்படியே இருக்கும். ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் அந்த வகை. ஹன்னெஸ் மரீனும் சகாக்களும் 2024-இல் வெளியிட்ட ‘டிஜிஐஎஃப்’ தரவுத்தொகுப்பு இந்த இரண்டு வகைகளையும் தனித்தனியே சோதித்தது. ஒட்டிய படங்களில் இடங்காட்டும் முறைகள் துண்டைக் கண்டுபிடித்தன. முழுவதும் மறுபடி வரையப்பட்ட படங்களில் அவை தோற்றன. உள்ளும் வெளியும் ஒரே கருவியின் தடத்தோடு இருந்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை. முழுச் செயற்கைப் படங்களைப் பிடிக்க உருவான கருவிகள் அத்தகைய படத்தைச் செயற்கை என்று சொல்லக்கூடும், மாற்றப்பட்ட இடம் எது என்று சொல்ல அவற்றால் இயலவில்லை. அழுத்தம், குறிப்பாக வெப்பி வகை அழுத்தம், இருந்த தடயங்களையும் கரைத்தது.

முடிவு

இதுவரை கண்டவை ஒரு தெளிவான தீர்ப்பைத் தருகின்றன. துண்டை அசலில் ஒட்டும் திருத்தங்களை, கோப்பு அதிகம் சுருங்காமல் இருந்தால், இன்றைய முறைகள் பிடிக்கின்றன. படம் முழுவதையும் மறுபடி வரையும் கருவியில் செய்த திருத்தத்தை, படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்ன இடம் என்று சுட்டுவது கடினம். சிவப்பு வரைபடம் வரவில்லை என்பதால் படம் உண்மை என்று எந்த ஆய்வகமும் பத்திரிகையும் அறிவிக்கக் கூடாது.

டெல்லிப் பேருந்துப் படத்தின் உண்மை வெளிவந்தது இரைச்சல் கணக்கால் அல்ல. சிரிக்காத அசல் பொதுவெளியில் இருந்தது. உண்மை சரிபார்ப்பாளர்கள் அதை முகம் மாற்றும் ஃபேஸ்ஆப் செயலியில் போட்டு, சுற்றிக்கொண்டிருந்த அதே சிரிப்பை மறுபடி வரவழைத்துக் காட்டினார்கள். செய்தி ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் காவல்துறையினரும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்: சந்தேகத்துக்குரிய படம் கைக்கு வந்தால், எடுத்தவரிடம் கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பையும், அதே நேரத்தில் எடுத்த முன்பின் படங்களையும் கேட்டு வாங்குங்கள். உரையாடல் செயலியில் படமாக அனுப்பாமல், சுருக்கப்படாத கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள்.