புல்லுக்கு எலும்பு எதற்கு?

வீடியோ கேமில் ஒரு மனிதன் நடக்கிறான் என்றால், அவன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு எலும்புக்கூடு இருக்கிறது. தோள், முழங்கை, முட்டி என்று நாற்பது ஐம்பது எலும்புகள். உடலின் மேல்தோல் முக்கோணங்களால் ஆனது. அந்த முக்கோணங்களின் ஒவ்வொரு முனையும், அதாவது வெர்டெக்ஸும், ஏதோ ஒன்றிரண்டு எலும்போடு கட்டப்பட்டிருக்கும். எலும்பு நகர்ந்தால் தோலும் கூடவே நகரும். இதைத்தான் ஸ்கெலிட்டல் அனிமேஷன் என்கிறார்கள்.

சரி, அதே கேமில் ஒரு புல்வெளி. பத்தாயிரம் புல். புல்லுக்கு மூன்று எலும்பு என்று வைத்தால்கூட 30,000 எலும்புகள். நொடிக்கு 60 தடவை அத்தனைக்கும் கணக்குப் போட வேண்டும். யாரும் நின்று பார்க்கக்கூடப் போவதில்லை, காற்றில் சும்மா ஆடினால் போதும். இதற்கு வேறு ஒரு வழி எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1999 டிசம்பரில் வந்த க்வேக் 3 அரீனாவிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்தக் கேமில் துணி ஆட வேண்டும் என்றால் அதன் மெட்டீரியல் கோப்பில் இப்படி ஒரே ஒரு வரி எழுதினால் போதும்:

```
deformVertexes wave 100 sin 0 3 0 0.5
```

சைன் அலை ஒன்றை எடுத்துக்கொள். முனைகளை 3 யூனிட் வரை முன்னும் பின்னும் தள்ளு. நொடிக்கு அரை அலை, அதாவது இரண்டு நொடிக்கு ஒரு ஆட்டம். அந்த 100 என்பது முக்கியமான எண். முனையின் x, y, z மூன்றையும் கூட்டி 100 ஆல் வகுத்து, அதை அலையின் தொடக்க நிலையோடு சேர்க்கிறார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து முனைகள் ஒரே நேரத்தில் ஆடாமல் சற்று முன்பின்னாக ஆடும். துணியில் நெளிவு தெரிவது அதனால்தான். எலும்பு எதுவும் இல்லை.

ஐடி சாஃப்ட்வேர் 2005இல் அந்த எஞ்சினின் சோர்ஸ் கோடை வெளியிட்டது. அதில் `RB_CalcDeformVertexes` என்ற ஃபங்ஷனைப் படித்தால் இரண்டு குறைகள் புரியும். ஒன்று, இந்தக் கணக்கு முழுவதையும் சிபியு செய்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் முனைகளைக் கணக்கிட்டு மறுபடி கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது, இந்த ஓரம் அசையக் கூடாது என்று சொல்ல அந்த வரியில் இடமே இல்லை. எல்லா முனையும் ஆடும்.

முதல் குறையை 2001இல் வந்த ஜிஃபோர்ஸ் 3 தீர்த்தது. முனைகளைக் கணக்கிடும் வேலைக்கு நாமே ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதி கார்டுக்குள்ளேயே ஓட்டலாம் என்று ஆனது. அதுதான் வெர்டெக்ஸ் ஷேடர். டைரக்ட்எக்ஸ் 8இன் கணக்குப்படி அதற்கு அதிகபட்சம் 128 கட்டளைகள்; நாம் தரும் எண்களை வைத்துக்கொள்ள 96 இடங்கள். சைன் கண்டுபிடிக்கக் கட்டளையே கிடையாது! x − x³/6 + x⁵/120 என்று பள்ளியில் படித்த தொடரை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த 96ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு எலும்புக்கு மூன்று இடம் தேவை. கேமராவுக்கு எதுவும் ஒதுக்காவிட்டாலும் 32 எலும்போடு முடிந்தது. பத்துப் புல்லுக்கே அது போய்விடும். காற்றுக்கோ நேரம், திசை, வேகம் என்று இரண்டு மூன்று இடம் போதும், பத்தாயிரம் புல்லுக்கும் சேர்த்தே.

இது முடிவதற்குக் காரணம், வெர்டெக்ஸ் ஷேடருக்கு ஞாபகம் கிடையாது என்பதுதான். போன ஃபிரேமில் எங்கே இருந்தோம் என்று ஒரு முனைக்குத் தெரியாது. பக்கத்து முனை எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. தன்னுடைய இடம், இப்போதைய நேரம், இந்த இரண்டை வைத்தே பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் எத்தனை ஆயிரம் முனையையும் ஒரே நேரத்தில் கணக்கிடலாம்.

இரண்டாவது குறைக்கும் இங்கே தீர்வு உண்டு. ஒரு கொடி என்றால்:

```
float w = uv.x * uv.x;
pos.z += w * amp * sin(phase - k * pos.x);
```

கம்பத்தின் ஓரத்தில் `uv.x` பூஜ்யம், நுனியில் 1. கம்பத்தோரம் அசையாது, நுனி நன்றாக ஆடும். அந்தக் கழித்தல் குறியைக் கவனியுங்கள். கூட்டல் போட்டால் அலை நுனியிலிருந்து கம்பத்தை நோக்கி ஓடும். கொடி ஆடத்தான் செய்யும், ஆனால் பார்க்கும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

புல்லும் இதேபோலத்தான். 2004இல் ஜிபியு ஜெம்ஸ் புத்தகத்தில் கர்ட் பெல்சர் எழுதிய அத்தியாயத்தில் தனித்தனிப் புல்லே கிடையாது. புல்கொத்துப் படம் ஒட்டிய மூன்று அட்டைகளை நட்சத்திரம் மாதிரி குறுக்கே செருகி, மேல் முனைகளை மட்டும் நகர்த்துவார்கள். வேர் பக்கம் நிலத்திலேயே நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் வரும். 1 மீட்டர் புல்லின் நுனியை 0.75 மீட்டர் பக்கவாட்டில் தள்ளினால் அதன் நீளம் 1.25 மீட்டர் ஆகிவிடும். புல் வளைவதில்லை, ரப்பர் மாதிரி இழுபடுகிறது. மெல்லிய காற்றில் தெரியாது, புயலில் அப்பட்டமாகத் தெரியும். 2007இல் க்ரைசிஸ் கேமின் செடிகொடிகளைப் பற்றி டியாகோ சூசா எழுதியபோது இதற்கு எளிய வழி காட்டினார். தள்ளுவதற்கு முன் வேரிலிருந்து முனை வரை உள்ள தூரத்தை அளந்துகொள். தள்ளியபின் புதிய திசையில் அதே தூரத்துக்கு இழுத்து வை. நுனி பக்கவாட்டில் போகும்போது தானாகவே கீழேயும் இறங்கும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. வீட்டில் பொழுதுபோக்காக ஒரு புல்வெளி செய்தேன். `sin(time * speed)` என்று எழுதியிருந்தேன். அழகாக ஆடியது. பத்து நிமிடம் கழித்துக் காற்றின் வேகத்தை 1லிருந்து 1.2க்கு மெதுவாக ஏற்றினேன். அந்த ஒரு நொடியில் மொத்தப் புல்லும் வலிப்பு வந்த மாதிரி உதறிவிட்டு மறுபடி அமைதியானது. புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டி உடனே சோதித்தால் ஒன்றும் இல்லை.

காரணம் சுலபம். 600வது நொடியில் பெருக்கல் தொகை 600. வேகம் 1.2 ஆனதும் 720. நடுவில் 120 ரேடியன், அதாவது 19 முழு ஆட்டங்கள் ஒரே நொடிக்குள் திணிக்கப்பட்டன. ஷேடருக்கு ஞாபகம் இல்லாததால், இதுவரை மெதுவாகத்தானே ஆடினோம் என்று அதற்குத் தெரியாது. ஆரம்பத்திலிருந்தே 1.2 வேகத்தில் ஆடியதாகவே கணக்குப் போடுகிறது. நேரம் ஆக ஆகக் குதிப்பு பெரிதாகும். அதனால்தான் உடனே சோதித்தபோது மாட்டவில்லை.

தீர்வு, ஞாபகத்தை சிபியுவில் வைப்பது:

```
phase += speed * dt;
```

ஒவ்வொரு ஃபிரேமிலும் இதைக் கூட்டி, அந்த `phase` ஐ மட்டும் ஷேடருக்கு அனுப்ப வேண்டும். அதை 2π தாண்டும்போது 2π கழித்துவிட்டால் எண் பெரிதாகித் துல்லியம் குறையும் தொல்லையும் இல்லை. பத்தாயிரம் புல்லுக்கும் சேர்த்து ஞாபகம் ஒரே ஒரு எண்.

ஆனால் எல்லாமே ஒரு எண்ணில் அடங்காது. நீங்கள் நடந்த தடத்தில் புல் மடங்கி, மெல்ல நிமிர வேண்டுமா? அங்கே யார் எப்போது மிதித்தார்கள் என்று எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். இப்போதெல்லாம் நிலத்தை மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு படத்தில் அதைப் பதிந்து, ஷேடரை அதைப் படிக்க வைக்கிறார்கள். கதாநாயகன் கையால் பிடித்து மடிக்கும் கொடி என்றால் அதுவும் பத்தாது, அங்கே எலும்போ துணி சிமுலேஷனோதான் வேண்டும். தூரத்தில் கோட்டை மேல் படபடக்கும் கொடிக்கு அந்த இரண்டு வரி போதும்.