மூவகை நூற்பட்டியல்களும் சீகன்பால்குவின் ஏட்டு அடைவும்

ஆய்வுரைகளின் இறுதியில் ‘துணைநூற் பட்டியல்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் வெவ்வேறு தன்மையுடைய பட்டியல்கள் இடம்பெறக் காண்கிறோம். நூறு நூற்பெயர்கள் அங்கு நிற்க, உரையினுள் எடுத்தாளப்பட்டவை நாற்பதே என்று கொள்வோம். எஞ்சிய அறுபதும் ஆய்வாளர் படித்தனவா, கேள்வியுற்றனவா, பிறர் பட்டியலினின்று பெயர்த்து எழுதியனவா என்பது படிப்போர்க்குப் புலனாவதில்லை. மேற்கோள் நூற்பட்டியல், நூலடைவு, குறிப்புரை நூலடைவு என்னும் மூன்றும் தம்முள் வேறாதலை அறியாமையே இம்மயக்கத்திற்குக் காரணமாகும். இவ்வேறுபாட்டை விளக்குதற்கு ஏற்ற சான்று, தமிழ் ஏடுகளைத் தொகுத்த சீகன்பால்குவின் எழுத்துகளில் உள்ளது.

மேற்கோள் நூற்பட்டியல் உரைக்குக் கட்டுப்பட்டது. உரையில் சுட்டப்பெற்ற ஒவ்வொரு நூலும் பட்டியலில் இருத்தல் வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உரையில் எங்கேனும் சுட்டப்பெற்றிருத்தல் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் குறையும் மிகையும் உடனே தெரிந்துவிடும். நூலடைவோ உரைக்கன்றி ஒரு பொருளின் எல்லைக்குக் கட்டுப்பட்டது. எம்மொழி, எக்காலம், எப்பொருள் என்று வரையறுத்த பின்னர், அவ்வெல்லைக்குள் அடங்குவன அனைத்தையும் தருதல் அதன் கடமை. ஆகவே எல்லை கூறாத நூலடைவில் விடுபட்டது எது என்று கேட்கவும் வழியில்லை. குறிப்புரை நூலடைவு இவ்வெல்லைக்கு மட்டுமின்றி ஒவ்வொரு நூலுக்கும் கட்டுப்பட்டது. தொகுத்தவர் நூலைக் கையில் எடுத்து, அது கூறும் பொருள் யாது, யார் செய்தது, எத்தகையோர் பயில்வது, எவ்வளவு நம்பத்தக்கது என்பவற்றைத் தம் பொறுப்பில் எழுதுகிறார். முன்னைய இரண்டிலும் பிழை என்பது பெரும்பாலும் விடுபாடும் எழுத்துப்பிழையுமே. இதிலோ கணிப்பும் பிழைபடலாம்.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழ் கற்ற வேகத்திலேயே ஏடுகளையும் திரட்டத் தொடங்கினார். எழுத்தர்களை அமர்த்திப் படியெடுப்பித்தார்; உள்நாட்டு ஊர்களுக்கு ஆளனுப்பி விலைக்கும் வாங்குவித்தார். இரண்டே ஆண்டுகளில், 1708 ஆகஸ்டில், அவ்வேடுகளுக்குச் செருமானிய மொழியில் ஓர் அடைவு எழுதி ஐரோப்பாவிற்கு அனுப்பினார். ‘பிப்ளியோதெக்கா மலபாரிக்கா’ என இன்று வழங்கும் இது, கிறித்தவ நூல்களையும் இசுலாமிய நூல்களையும் தனித்தனிப் பகுதிகளில் வைத்து, எஞ்சிய தமிழ் நூல்கள் 119ஐ ஒரு பெரும்பகுதியாக நிரல்படுத்துகின்றது. தொல்காப்பியம் போன்ற இலக்கணமும், பள்ளிச் சிறுவர் பயிலும் நீதிநூல்களும், புராணங்களும், சித்தர் பாடல்களும் அதில் அடங்கும். ஒவ்வொரு பெயரையும் அடுத்து நூற்பொருளைப் பற்றிய குறிப்பு வருகின்றது. எனவே இது வெறும் அடைவன்று, குறிப்புரை அடைவேயாம்.

அக்குறிப்புரையின் பயன் எத்தகையது என்பதை ஒரு நடைமுறை இடர்ப்பாட்டால் அறியலாம். தமிழ் நூற்பெயர்களைச் சீகன்பால்கு தம் செவிக்குப் பட்டவாறு செருமானிய எழுத்துகளில் எழுதினார். அவ்வெழுத்துகள் ல, ள, ழ என்பவற்றை வேறுபடுத்திக் காட்டா. குறில் நெடில் வேறுபாட்டையும் சரிவரத் தாரா. இவ்வாறு எழுதப்பட்ட ஒரு சொல் இரண்டு மூன்று தமிழ்ப் பெயர்களுக்குப் பொருந்தக் கூடும். மேலும் ஞானம், அந்தாதி, நிகண்டு என்றாற்போல முடியும் பெயர்கள் பல நூல்களுக்குப் பொதுவானவை. பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் அவற்றுள் பல என்றும் விடுவிக்கப்படாத புதிராகவே நின்றிருக்கும். பாடுபொருள் யாது, ஆசிரியர் யார் என்னும் சிறு குறிப்புகளே இந்நூல் எது எனத் துணிய உதவுகின்றன. 1880இல் கெர்மன் செருமானிய மூலத்தை அச்சிட்டார். 1967இல் ஆல்பர்டைன் கௌர் அதனை ஆங்கிலமாக்கினார். 2012இல் வில் சுவீட்மன், இலக்குவனுடன் இணைந்து புதுச்சேரியிலிருந்து விரிவான பதிப்பொன்றை வெளியிட்டார். நூல்களை அடையாளங்காணும் பணி இவர்களால் படிப்படியாக முன்னேறியது, மூலத்தில் குறிப்புரை இருந்தமையாலேயே.

இனி இவ்வாசிரியரின் ஏனைய இரு நூல்களை நோக்குவோம். 1711இல் எழுதிய ‘மலபாரியச் சமயம்’ என்னும் நூலில், தமிழர்தம் சமயக் கருத்துகளை அவர்தம் நூல்களிலிருந்தே எடுத்துக்காட்டுகிறார். சிவவாக்கியம் அவற்றுள் அடிக்கடி வருவது. இங்கு நூற்பெயர் ஒரு கூற்றுக்குச் சான்றாக நிற்கின்றது. மேற்கோளின் பணி இதுவே. எனினும் இற்றைநாள் பட்டியல் போன்ற கண்டிப்பை அதில் எதிர்பார்த்தல் முறையன்று. ஏட்டுச்சுவடிக்குப் பதிப்பாண்டு இல்லை. அச்சுநூற்குரிய பக்க எண்ணும் இல்லை. சிவவாக்கியமோ பாடல் தொகையில் படிக்குப் படி வேறுபடுவது. மேற்கோளைத் திரும்பச் சென்று காணும் வசதி அச்சு அளித்த கொடையாகும். மேற்கோள் நூற்பட்டியலில் பதிப்பையும் ஆண்டையும் நாம் வற்புறுத்துவது வெறும் சம்பிரதாயமன்று.

1713இல் முடித்த ‘மலபாரியத் தெய்வங்களின் வழிமுறை’ பிறிதொரு முறையைக் காட்டுகின்றது. ஒவ்வொரு தெய்வத்தின் பெயர்கள், கோயில்கள், விழாக்கள் ஆகியவற்றைக் கூறுங்கால், அத்தெய்வத்தைப் பற்றி எழுந்த நூல்களின் பெயர்களையும் அடுக்கிச் சொல்கிறார். இது பொருள்வாரி நூலடைவு. இவ்வடுக்கில் ஒரு பெயர் காணப்படுவதாலேயே சீகன்பால்கு அந்நூலைப் படித்தார் என்று எழுதுதல் பிழையாகும். அத்தெய்வத்தைப் பற்றி அப்படியொரு நூல் வழங்கியது என்பதற்கு மேல் அது எதற்கும் சான்றாகாது. படித்தார் என்று நிறுவ வேண்டின், 1708ஆம் ஆண்டு அடைவின் குறிப்பையோ அவர்தம் மொழிபெயர்ப்பையோ நாடுதல் வேண்டும். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை அவர் 1708இலேயே செருமானிய மொழியில் பெயர்த்துள்ளார். அவற்றைப் பற்றி ஐயுற இடமில்லை.

குறிப்புரையை அப்படியே ஏற்றுக்கொள்ளுதலும் ஆகாது. சீகன்பால்கு சமயம் பரப்ப வந்தவர். உருவவழிபாட்டை மறுக்கும் பாடல்கள் அவர்க்கு உவப்பாயிருந்தன. சிவவாக்கியத்தை அவர் அத்துணை முறை எடுத்தாள்வதற்குக் காரணம் வேறு தேட வேண்டுவதில்லை. ஆகவே அவர் ஒரு நூலைப் புகழும்போது, அக்காலத் தமிழ்க் கற்றோர் மதிப்பு அதுவே என்று முடிவு செய்யாது, புகழ்ச்சியில் அவர் பங்கு எவ்வளவு என்று பிரித்து நோக்குதல் வேண்டும். நூற்பொருள் கூறும் பகுதி வேறு. மதிப்பீடு கூறும் பகுதி வேறு. முன்னதை மூல நூலோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம். பின்னதைச் சோதிக்க எழுதியவரை அறிந்திருத்தல் வேண்டும்.

அவ்வடைவில் இல்லாத நூல்களைப் பற்றியும் ஒன்று சொல்லல் தகும். 119 நூல்களுள் ஒன்று காணப்படாவிடின், 1708இல் அது வழக்கொழிந்துவிட்டது என்று சிலர் கருதக்கூடும். அடைவின் எல்லை தமிழகம் அன்று. இரண்டாண்டுக் காலத்தில், தரங்கம்பாடியிலிருந்த வெளிநாட்டார் ஒருவரின் ஆட்கள் சென்று பெற முடிந்த ஏடுகளே அதன் எல்லை. மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் இருந்து, கைமாற மறுக்கப்பட்ட ஏடுகள் அதில் வந்திருக்க வழியில்லை.