நலிந்த துடிப்பும் விரைந்த துடிப்பும்: தாம்பரம் புறநகர் ரயிலில் மயங்கி விழும் அச்சம்

பதற்றம் திடீரென உச்சத்துக்கு ஏறும் பீதித் தாக்கத்தின்போது, அதாவது பேச்சுவழக்கில் ‘பேனிக் அட்டாக்’ எனப்படும் நிலையில், பலரை வதைப்பது அடுத்த நொடியில் நினைவிழந்து விழுந்துவிடுவோம் என்னும் அச்சமே ஆகும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளின் சிறு மருத்துவமனைகளில் இந்த அச்சத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் பெயர் ‘லோ பி.பி.’ என்பதாகும். இந்தப் பெயர் பெரும்பாலான நேரங்களில் பிழையானது என்பதும், அது அச்சத்தைத் தணிக்காமல் அதற்கு உடற்சான்று ஒன்றை அளித்து அதை வேரூன்றச் செய்கிறது என்பதும், பீதியையும் உண்மையான மயக்கத்தையும் பிரித்தறியும் வழி எளிய நாடித்துடிப்பிலும் உடல் கிடக்கும் நிலையிலுமே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள் ஆகும்.

மயங்கி விழுதல் என்பது மூளைக்குச் செல்லும் குருதி சில நொடிகள் போதாமல் போவதால் நேரும் குறுகிய நினைவிழப்பு ஆகும். மூளைக்குக் குருதி ஏறத்தாழ ஆறு முதல் எட்டு நொடிகள் நின்றாலே நினைவு தப்பும். ஒருவர் நெடுநேரம் அசையாமல் நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் இதை உணர்ந்து இதயத்தை விரைவுபடுத்தியும் குருதிக் குழாய்களைச் சுருக்கியும் அழுத்தத்தைக் காக்கின்றன. வெயில், பட்டினி, நீர் வற்றிய உடல், வலி ஆகியவை இந்த ஏற்பாட்டைச் சிலரிடம் திடீரெனத் தலைகீழாக்கிவிடுகின்றன. அப்போது வேகஸ் என்னும் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது, குருதிக் குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் சரிகிறது. 1932-இல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் இந்த மயக்கத்தை ‘வேசோவேகல்’ என்ற பெயரால் விவரித்தார். மயக்கத்துக்கு முன் வயிற்றுப் பிரட்டல், கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, காது அடைத்தல், கண் இருட்டுதல், முகம் வெளிறுதல் ஆகியவை தோன்றுகின்றன. விழுந்தவர் கிடந்த நிலையில் இருந்தால் குருதி தலைக்குத் திரும்பி, பெரும்பாலும் இருபது நொடிகளுக்குள் விழித்துக்கொள்கிறார். அந்த நொடிகளில் கை கால் சிறிது வெட்டுவது உண்டு என்பதால் சுற்றியுள்ளோர் அதை வலிப்பு என்று கருதிக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதையும், அதைவிடக் கேடாக, விழுந்தவரைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைப்பதையும் காணலாம். நிமிர்த்தி வைப்பது மூளைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் குருதியை மீண்டும் கீழே இறக்கிவிடும்.

பீதித் தாக்கத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் அப்போது முழு வேகத்தில் இயங்குவதால் துடிப்பு விரைகிறது, குருதி அழுத்தம் பொதுவாக ஏறுகிறது, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுப் பின் தணிகிறது. ஆயினும் தலை சுற்றுவது கற்பனை அன்று. அஞ்சியவர் தம்மை அறியாமல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கும்போது குருதியிலுள்ள கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதன் அளவு குறைந்தால் மூளையின் குருதிக் குழாய்கள் சுருங்கும் என்பதால் மூளைக்கு வரும் குருதியும் கணிசமாகக் குறைகிறது. குருதியின் காரத்தன்மை கூடுவதால் விரல் நுனிகளிலும் வாயைச் சுற்றியும் மரத்துப்போன உணர்வும் ஊசி குத்தும் உணர்வும் தோன்றுகின்றன. தலைச்சுற்றல் உண்மை, ஆனால் அழுத்தம் விழாததால் நினைவு தப்புவது மிக அரிது. மயங்கப்போகிறோம் என்ற முடிவு தலைச்சுற்றலிலிருந்து பெறப்பட்ட பிழையான ஊகம். பீதி பெருகுவது அந்த ஊகத்திலிருந்தே என்பதை 1986-இல் டேவிட் கிளார்க் என்னும் உளவியலாளர் ஒரு கோட்பாடாக வகுத்தார்.

இரண்டும் இவ்வளவு வேறானவை என்றால் அவை ஏன் குழம்புகின்றன என்ற கேள்வி எழுகிறது. விடை, முதல் நிகழ்வு உண்மையான மயக்கமாகவும் பிந்தையவை பீதியாகவும் இருக்கக்கூடும் என்பதில் உள்ளது. இதை விளக்க, குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டாமல், பல நோயாளர்களிடம் காணப்படும் கூறுகளைச் சேர்த்து அமைத்த ஒரு வகைமாதிரியை எடுத்துக்கொள்ளலாம். தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் ரயிலில் மே மாதக் காலைப் பொழுதில், வெறும் காப்பியோடு கிளம்பிய இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் உட்கார இடமின்றி நின்று வருகிறார். மீனம்பாக்கம் தாண்டியதும் வயிறு பிரட்டுகிறது. பழவந்தாங்கலில் காது அடைத்துக் கண் இருட்டுகிறது. பரங்கிமலை வருமுன் சரிந்து விழுகிறார். ஒரு மணி நேரம் கழித்து ஓர் அருகமை மருத்துவமனையில் உட்கார்ந்த நிலையில் எடுத்த அளவு 100/64 என்று வருகிறது. ‘லோ பி.பி.’ என்று சொல்லிக் குளுக்கோஸ் ஏற்றி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். ஒல்லியான இளம்பெண்ணுக்கு 100/64 என்பது ஒவ்வொரு நாளும் இருந்துவரும் இயல்பான அளவாகவே இருக்கலாம். மயக்கத்தின்போது விழுந்த அழுத்தம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் மீண்டு எப்போதோ பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எனவே அந்த எண் மயக்கத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் மீண்டும் அதே ரயிலில் ஏறுகிறார். இந்த முறை இட்லி சாப்பிட்டிருக்கிறார், உட்கார இடமும் கிடைத்திருக்கிறது. எனினும் தாம்பரம் சானடோரியத்திலேயே நெஞ்சு படபடக்கத் தொடங்குகிறது. குரோம்பேட்டைக்குள் விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, தலை கிறுகிறுக்கிறது. பல்லாவரத்தில் பாய்ந்து இறங்கிவிடுகிறார். நடைமேடையில் சில நிமிடங்களில் எல்லாம் அடங்குகிறது. உட்கார்ந்திருந்தவருக்கு, வயிறு நிறைந்திருந்தவருக்கு, கண் இருட்டாமல் விரல் மரத்தவருக்கு, துடிப்பு மெதுவாகாமல் விரைந்தவருக்கு வந்தது முதல் நாள் வந்ததன்று. ஆனால் அவர் கையில் உள்ள சீட்டில் ‘லோ பி.பி.’ என்று இருக்கிறது. ஆகவே இறங்கியதால்தான் விழாமல் தப்பினோம் என்று அவர் முடிவு செய்கிறார். அன்றிலிருந்து கதவோரம் நிற்பது, கம்பியை இறுகப் பற்றுவது, கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருப்பது, நிற்காமல் செல்லும் விரைவு ரயிலைத் தவிர்ப்பது, இறுதியில் ரயிலையே விட்டு ஷேர் ஆட்டோவில் செல்வது என்று பழக்கங்கள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. உளவியலார் இவற்றைப் ‘பாதுகாப்பு நடத்தைகள்’ என்பர். ஒவ்வொரு முறையும் விழாமல் இருந்ததற்கான பெருமையை அவை எடுத்துக்கொள்வதால், தாமாகவே விழாதிருப்போம் என்பதை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதே இல்லை.

கம்பியை இறுகப் பற்றும் செயலைச் சற்று நின்று நோக்குவது தகும். உண்மையான மயக்கத்துக்கு முன் கைகளை இறுக்கிப் பிடிப்பதும், கால்களைக் குறுக்காகப் பின்னி இறுக்குவதும் குருதியை மேலே தள்ளி அழுத்தத்தை உயர்த்துவதால் அவை மருத்துவமே. 2006-இல் வெளியான பல மருத்துவமனைகளின் கூட்டாய்வு ஒன்று இந்த முறை வேசோவேகல் மயக்கம் மீண்டும் வருவதைக் குறைப்பதைக் காட்டியது. பீதியில் அதே பிடி, அழுத்தம் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் உடலில் எந்த வேலையும் செய்யாமல் அச்சத்துக்கு மட்டும் தீனி போடுகிறது. ஒரே செயல் ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நோயின் பகுதியாகவும் இருப்பதால்தான் நோயறிதல் முந்த வேண்டியிருக்கிறது.

பிரித்தறிவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தாக்கத்தின் நடுவிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து முப்பது நொடிகள் எண்ணி இரட்டித்தால், நிமிடத்துக்கு நூறுக்கு மேல் ஓங்கி அடிக்கும் துடிப்பு பெரும்பாலும் பீதியையும், மெதுவாக நலிந்த துடிப்போடு வெளிறிய முகம் வேசோவேகல் மயக்கத்தையும் சுட்டும். மருத்துவமனையில் ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்து, பின் எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம், அதாவது எழுந்து நிற்பதால் நேரும் உண்மையான லோ பி.பி.; முதியோரிடமும் சர்க்கரை நோயாளரிடமும் அழுத்த மாத்திரை உண்போரிடமும் இது மிகுதி. அழுத்தம் விழாமலே பத்து நிமிடங்களுக்குள் துடிப்பு மட்டும் முப்பதுக்கு மேல் கூடி நிலைத்தால் அது வேறொரு கோளாறு. அதற்கு மேற்கொண்டு ஆய்வு தேவை.

ஆயினும் விரைந்த துடிப்பைக் கண்டதும் எல்லாவற்றையும் பதற்றம் என்று ஒதுக்குவது எதிர்ப்பக்கத்துப் பிழையாகும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் குருதிச் சோகை இருக்கிறது. அதுவே படபடப்பையும் கிறுகிறுப்பையும் தரவல்லது என்பதால் ஹீமோகுளோபின் அளவைப் பாராமல் முடிவு செய்யலாகாது. ஓடும்போதோ மாடி ஏறும்போதோ மயங்குதல், படுத்திருக்கும்போதே மயங்குதல், நெஞ்சு வலியோடு மயங்குதல், பொத்தானை அழுத்தியது போலத் திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும் மிகு துடிப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் ஆகியவை இதயத்தை நோக்கிக் கை நீட்டுபவை, இவற்றுக்கு இ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும்.

அச்சமே மயக்கத்தைக் கொண்டுவரும் ஒரு விதிவிலக்கும் உண்டு. குருதியையோ ஊசியையோ கண்டு அஞ்சுவோரில் பலருக்கு அழுத்தம் முதலில் ஏறிப் பின் சரிந்துவிடுகிறது. இவர்கள் உண்மையிலேயே விழுகிறார்கள். ஆகவே இவர்களுக்குத் தளர்ந்திருக்கக் கற்பிப்பது கேடாகும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1980-களில் வகுத்த முறைப்படி கை, கால், மார்புத் தசைகளை முகம் வெதுவெதுப்பாகும் வரை பத்துப் பதினைந்து நொடிகள் இறுக்கி, இருபது முப்பது நொடிகள் தளர்த்தி, இதை ஐந்து முறை செய்வது பயன் தரும்.

வகைமாதிரிப் பெண்ணிடம் திரும்பினால், அவருக்கு இரு வேறு மருத்துவம் தேவை. முதல் நிகழ்வுக்குக் காலை உணவு, தண்ணீர், கண் இருட்டும்போது வெட்கப்படாமல் தரையில் உட்கார்ந்தோ படுத்தோ விடுதல் ஆகியவை போதும். பிந்தையவற்றுக்கு, ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கருவுற்ற நிலை ஆகியவை இல்லை என்று உறுதி செய்தபின், மருத்துவர் முன்னிலையில் ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு வாங்கச் செய்து, அதே கிறுகிறுப்பும் அதே மரத்தலும் வந்து அவர் விழாமல் அமர்ந்திருப்பதை அவரே காணச் செய்யலாம். அந்த நேரத்தில் அழுத்தத்தை அளந்து எண்ணைக் காட்டினால் விளக்கத்தைவிட அது ஆழமாகப் பதியும். அதன் பின் கம்பியை விட்டுவிட்டுத் தாம்பரம் முதல் குரோம்பேட்டை வரை, பின் பல்லாவரம் வரை, பின் கிண்டி வரை என்று அவர் படிப்படியாக ரயிலுக்குத் திரும்ப வேண்டும். தேவைப்படின் மனநல மருத்துவர் மாத்திரைகளும் தரலாம். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய முறையைக் கைவிட வேண்டும். இதய நோயோ நுரையீரல் நோயோ மறைந்திருந்தால் அது உயிருக்கே ஆபத்தாகும்.

புறநகர்ப் பொதுமருத்துவர்களிடம் இங்கே வைக்கத்தக்க வேண்டுகோள் சிறியது. உட்கார்ந்த நிலையில் ஒரு முறை எடுத்த 100/60-ஐ வைத்துச் சீட்டில் ‘லோ பி.பி.’ என்று எழுதும் முன், நோயாளியைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளக்கவும், உண்மையில் நினைவு தப்பியதா அல்லது தப்பிவிடும் என்று அஞ்சினாரா என்பதைக் கேட்டு எழுதவும் ஐந்தாறு நிமிடங்கள் ஒதுக்க வேண்டும்.